நகைக்கடன் அட்டவணையில் ஒளிந்திருக்கும் இரண்டு எண்கள்: சாய்வும் வெட்டுத்துண்டும்

நகையை அடகு வைக்கப் போனா, சில இடங்களில் "எத்தனை மாசத்துல மீட்டா எவ்வளவு கட்டணும்"னு ஒரு சின்ன அட்டவணை எழுதிக் கொடுப்பாங்க. அதுல மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும். வட்டி எவ்வளவு, மற்ற கட்டணம் எவ்வளவுன்னு தனித்தனியா இருக்காது. ஆனா அந்த இரண்டையும் அட்டவணையிலிருந்தே பிரித்து எடுத்துவிடலாம். பள்ளியில் படித்த நேர்க்கோட்டுக் கணக்கு போதும்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். கடன் 50,000 ரூபாய். அந்தப் பணம் முழுசா கைக்கு வந்திருச்சு. கடையில் கொடுத்த அட்டவணை இது:

| மாதம் (x) | கட்ட வேண்டிய மொத்தம் (y) |
|---|---|
| 2 | 52,100 |
| 3 | 52,850 |
| 5 | 54,350 |
| 8 | 56,600 |
| 12 | 59,600 |

முதல் படி: சாய்வு

சாய்வு என்றால், x ஒன்று கூடும்போது y எவ்வளவு கூடுகிறது என்பதுதான். நம்ம கணக்கில், ஒரு மாசம் தள்ளிப்போனா எவ்வளவு அதிகம் கட்டணும் என்பது.

ஏதாவது இரண்டு வரிசையை எடுங்க. 3-வது மாதமும் 5-வது மாதமும் எடுக்கலாம். தொகையில் வித்தியாசம் 54,350 − 52,850 = 1,500. மாதத்தில் வித்தியாசம் 5 − 3 = 2. அதனால் சாய்வு 1,500 ÷ 2 = 750.

இங்கேதான் நிறைய பேர் சறுக்குவாங்க. தொகையின் வித்தியாசத்தை மட்டும் பார்த்து, "மாசம் 1,500 ஏறுது"ன்னு முடிவு பண்ணிடுவாங்க. இந்த அட்டவணையில் மாதங்கள் 2, 3, 5, 8, 12 என்று சமமில்லாத இடைவெளியில் இருக்கு. அதனால் கீழே இருக்கிற மாத வித்தியாசத்தால் வகுத்தே ஆகணும்.

ஒரு ஜோடியோட நிறுத்தாம, மற்ற ஜோடிகளையும் பாருங்க. 5-லிருந்து 8: 2,250 ÷ 3 = 750. 8-லிருந்து 12: 3,000 ÷ 4 = 750. எல்லா இடத்திலும் அதே எண் வருது. அப்படின்னா இந்தப் புள்ளிகள் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில்தான் இருக்கு. 50,000 ரூபாய்க்கு மாசம் 750 என்றால், நூறு ரூபாய்க்கு ஒன்றரை ரூபாய் வட்டி.

இரண்டாவது படி: வெட்டுத்துண்டு

கோடு y அச்சை எங்கே வெட்டுதோ, அதுதான் வெட்டுத்துண்டு. அதாவது x = 0 ஆகும்போது y எவ்வளவு? நம்ம அட்டவணையில் 0-வது மாதமே இல்லை. அதனால் பின்னோக்கி நடக்கணும். 2-வது மாதத்தில் 52,100. மாசத்துக்கு 750 வீதம் இரண்டு மாசத்தைக் கழித்தால் 52,100 − 1,500 = 50,600.

வேறு வரிசையில் சரிபார்த்துக்கலாம். 12-வது மாதம் 59,600. அதிலிருந்து 12 × 750 = 9,000 கழித்தால் அதே 50,600. ஆக, கோட்டின் சமன்பாடு:

```
y = 750x + 50600
```

இப்போ கவனிங்க. கையில் வாங்கினது 50,000. ஆனா ஒரு மாசம்கூட ஆகாத இடத்தில் கோடு 50,600-ல் நிக்குது. அந்த 600 ரூபாய் வட்டி இல்லை. மதிப்பீட்டுக் கட்டணமோ வேறு கட்டணமோ மொத்தத் தொகைக்குள்ளே சேர்த்திருக்காங்க. எதுக்குன்னு கேட்க உங்களுக்கு இப்போ ஒரு எண் கிடைச்சிருச்சு.

ஒரு விஷயம் முக்கியம். வெட்டுத்துண்டை ரசீதில் எழுதின கடன் தொகையோட ஒப்பிடாதீங்க. கைக்கு வந்த பணத்தோட ஒப்பிடுங்க. கட்டணத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டு 49,400 மட்டும் கொடுத்திருந்தா, வெட்டுத்துண்டு சரியா 50,000 என்று வரும், ரசீதோட ஒத்துப்போகும். ஆனா 600 ரூபாய் போனது போனதுதான்.

வரைபடம் போட்டுப் பார்க்கிறவங்களுக்கும் ஒரு எச்சரிக்கை. x அச்சை 2-வது மாதத்திலிருந்து தொடங்கி வரைந்தா, கோடு இடது ஓரத்தை 52,100-ல் தொடும். அதை வெட்டுத்துண்டுன்னு நினைச்சிடக் கூடாது. x அச்சு 0-விலிருந்து தொடங்கினால்தான் கோடு வெட்டும் இடம் சரியான விடை.

இரண்டு எண்ணும் ஏன் தனித்தனியா வேணும்?

பக்கத்துக் கடையிலும் அதே 50,000-க்கு ஒரு அட்டவணை வாங்குறீங்கன்னு வைங்க: 2 மாதம் 51,700, 4 மாதம் 53,400, 10 மாதம் 58,500. சாய்வு 1,700 ÷ 2 = 850. அடுத்த ஜோடியிலும் 5,100 ÷ 6 = 850. வெட்டுத்துண்டு 51,700 − 1,700 = 50,000. இங்கே வட்டி அதிகம், ஆனா தனிக் கட்டணம் இல்லை.

எது லாபம்? முதல் கடையில் 600 ரூபாய் கூடுதலா தொடங்குது. இரண்டாவது கடையில் மாசம் 100 ரூபாய் கூடுதலா ஏறுது. 600 ÷ 100 = 6. அதனால் 6-வது மாதத்தில் இரண்டு கடையிலும் ஒரே தொகை, 55,100. அதுக்கு முன்னாடியே மீட்கப் போறீங்கன்னா, வட்டி அதிகமா தெரியுற இரண்டாவது கடைதான் மலிவு. 6 மாசத்துக்கு மேல போகும்னா முதல் கடை மலிவு. வட்டி விகிதத்தை மட்டும் கேட்டிருந்தா இது தெரிஞ்சிருக்காது.

சாய்வு மாறினால்?

முதல் அட்டவணையில் கடைசி வரி 61,000 என்று இருந்திருந்தா? 8-லிருந்து 12-க்கு 4,400 ÷ 4 = 1,100 வரும். முந்தின ஜோடிகளில் 750, இங்கே 1,100. அப்போ இது நேர்க்கோடு இல்லை. குறிப்பிட்ட மாசத்துக்கு மேல் வட்டி விகிதம் ஏறியிருக்கலாம். ஏன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கணும். ஒன்றிரண்டு ரூபாய் வித்தியாசம் வந்தா கவலை வேண்டாம், அது தொகையை முழு ரூபாயாக்கினதால் வரும்.

எக்ஸெலில் போடணும்னா, மாதங்கள் A பத்தியிலும் தொகைகள் B பத்தியிலும் இருக்கட்டும். தொகையை முதலில் கொடுக்கணும்:

```
=SLOPE(B2:B6,A2:A6)
=INTERCEPT(B2:B6,A2:A6)
```

ஆனா புள்ளிகள் நேர்க்கோட்டில் இல்லாவிட்டாலும் எக்ஸெல் ஏதோ ஒரு விடையைக் கொடுத்துவிடும். அதனால் ஜோடி ஜோடியா சாய்வு பார்ப்பதை முதலில் கையால் செய்துவிடுங்க.

நீங்களே ஒன்று போட்டுப் பாருங்க. கைக்கு வந்தது 29,900. அட்டவணை: 4 மாதம் 32,300, 9 மாதம் 34,800, 11 மாதம் 35,800. சாய்வு 500, வெட்டுத்துண்டு 30,300, மறைந்திருக்கும் கட்டணம் 400 என்று வந்தால் உங்க கணக்கு சரி.