கேலியிற் கலக்கும் ஆங்கிலம்

நகை பிறத்தற்குரிய நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்று தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் வகுத்தார். அவற்றுள் எள்ளல், தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தானும் நகுதலும் என இருதிறப்படும் என்பது பேராசிரியர் உரை. நண்பர் கேலிக்கு உயிராவது இவற்றுள் இரண்டாவதே. எள்ளப்பட்டவனும் உடன் நகுவானாயின் அது கேலி. நகானாயின் அஃது இகழ்ச்சி. தமிழ் வாக்கியத்தில் ஆங்கிலச் சொல் ஒன்று புகும்போது இந்நகை எவ்வாறு வேறுபடுகின்றது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

திருப்பத்தூரிலிருந்து காரைக்குடிக்குப் பேருந்தேறிக் கல்லூரி செல்லும் இளைஞர் நால்வர், வழியில் ஒரு சிற்றுண்டிக் கடையில் அமர்ந்துள்ளனர் என்று கொள்வோம். ஒருவன் ஆறு இட்டலியை முடித்துவிட்டு இலையைப் பார்த்தபடி இருக்கிறான். தோழன் அவனை நோக்கி, “மாப்ளே, இன்னும் ரெண்டு இட்லிக்கு அப்ளிகேஷன் போடவா?” என்கிறான். நால்வரும் சிரிக்கின்றனர்.

இச்சிரிப்பு எதனால் வந்தது? சொல்லை மாற்றிப் பார்த்தால் விளங்கும். “இன்னும் ரெண்டு இட்லி கேக்கவா?” என்றால் அது வெறும் உபசாரம், நகையில்லை. “விண்ணப்பம் போடவா?” என்றால் சிறிது நகையுண்டு; ஆயினும் அச்சொல்லில் ஏட்டு வாசனை வீசுகின்றது. “அப்ளிகேஷன்” என்றவுடனேயோ, தாலுகா அலுவலகத்துச் சன்னலும், நீண்ட வரிசையும், முகங்கொடாத குமாஸ்தாவும் மனக்கண்முன் வந்து நிற்கின்றனர். ஆங்கிலச் சொற்களிற் பல நம் ஊருக்குள் அலுவலகம், நீதிமன்றம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் ஆகிய வாயில்களின் வழியே வந்தவை. வந்த இடத்தின் மிடுக்கை அவை இன்னும் விடவில்லை. அம்மிடுக்கு இட்டலியின்மேல் வந்து இறங்குவதே இங்கு நகை.

வாக்கியத்தின் கட்டும் நோக்கத்தக்கது. ஆங்கிலம் ஒரு பெயர்ச்சொல் அளவிலேயே நின்றது. விளி தமிழ், “இட்லிக்கு” என்னும் வேற்றுமை தமிழ், “போடு” என்னும் வினையும் தமிழ். இதே கேள்வியை முழுதும் ஆங்கிலத்திற் கேட்டால் நகை குன்றும். எல்லாச் சொல்லும் ஒரே உயரத்தில் நிற்குமாதலின், உயர்ந்ததொன்று தாழ்ந்ததன்மேல் இறங்குவதற்கு இடமில்லாது போகின்றது. “மாப்ளே” என்னும் உறவுச் சொல் இல்லையேல் கேள்வி அதிகாரக் குரலாகவும் மாறிவிடக்கூடும்.

வசைச் சொற்களில் ஆங்கிலம் செய்யும் தொழில் வேறு. “முட்டாள்” என்பது சுடுகின்றது. “போடா லூசு” என்பதோ நட்பின் உரிமையாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகின்றது. தளர்ந்தது என்னும் ஆங்கிலப் பொருளை மறந்து, ஈற்றில் உகரம் பெற்று, அச்சொல் தமிழ்ச் சொல்லே ஆகிவிட்டது. அது சுடாமைக்குக் காரணம் யாது? துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலத்தைப் பின்னர்க் கற்றவரிடம் நடந்த ஓர் ஆய்வு 2003-இல் வெளிவந்தது. இளமையிற் பெரியோர் கடிந்துரைத்த சொற்களைத் தாய்மொழியிற் கேட்டபோது அவர்தம் தோலின் மின்கடத்தல் மிகுதியாக மாறியது. ஆங்கிலத்திற் கேட்டபோது அத்துணை மாறவில்லை. நம் இளைஞர் “முட்டாள்” என்பதைத் தந்தையிடமும் ஆசிரியரிடமும் கேட்டு அஞ்சியவர். “லூசு” என்பதை ஒத்த வயதினரிடமே மிகுதியும் கேட்டவர். ஆதலின் பின்னதில் தண்டனையின் நினைவு இல்லை. ஆயினும் மனநோயால் வருந்துவோரும் அவர்தம் வீட்டாரும் கேட்குமிடத்து அச்சொல் முள்ளாகவே தைக்கும்.

இனி, கேலி பிழைபடுவது எப்போது? ஆங்கிலம் அறியாமையே எள்ளற்பொருள் ஆகும்போது. சிற்றூரிலிருந்து வந்த தோழன் ஒரு சொல்லைத் திரித்து உச்சரித்தான் என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிப்பது இவ்வகை. முன்னைய கேலியில் தாழ்ந்து நின்றது இட்டலி. இங்குத் தாழ்ந்து நிற்பவன் மனிதன். கேலிக்குள்ளானவன் முதலிற் பிறர் முகங்களைப் பார்த்துவிட்டுப் பின்னர்ச் சிரித்தால், சொல் அவனுக்கு விளங்கவில்லை அல்லது வலித்தது என்று அறியலாம். மறுநாள் அவன் பேச்சுக் குறைந்திருப்பின் ஐயமில்லை.

நல்ல கேலியோ எறிந்த பந்துபோல் திரும்பி வரும். ஆறு இட்டலி உண்டவன் சொன்ன விடையைக் கேளுங்கள்: “அப்ளிகேஷன் போடு மாப்ளே, ஆனா பில்லை நீதான் சாங்ஷன் பண்ணணும்!” தோழன் திறந்த அலுவலகத்திற்குள் இவனும் நுழைந்து, அவனையே அதிகாரியாக்கிப் பணத்தையும் அவன் தலையிற் கட்டிவிட்டான். எள்ளப்பட்டவன் அதே சொற்களை எடுத்து விடையிறுக்க இயலுமாயின், உரையாசிரியர் கூறிய இரண்டாவது நகை அங்குப் பிறந்தது என்க.