இரைப்பை இரத்தக்கசிவும் இருவகைத் தாகமும்

இரைப்பையிலோ அதனை அடுத்த முன்சிறுகுடலிலோ இரத்தம் கசியும் நோயாளியின் கட்டிலில் "என்.பி.ஓ." என்ற அட்டை தொங்கவிடப்படும். வாய்வழியாக உணவோ நீரோ கொடுக்கலாகாது என்பது அதன் பொருள். அவ்வட்டையைக் கண்ட உறவினர் எங்களிடம் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "நாக்கு வறண்டு தண்ணீர் கேட்கிறாரே, இரண்டு வாய் கொடுத்தால் என்ன?" நோயாளியின் தாகத்தைப் புரிந்துகொள்ளுதல் அவர் அருகில் இருப்போருக்கு மிக இன்றியமையாதது, ஏனெனில் இந்நோயில் தாகம் இருவகைப்படும். எங்கள் பிரிவில் சிகிச்சை பெற்ற ஒருவரின் நிகழ்வைக் கொண்டே இதனை விளக்க விரும்புகிறோம். அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன.

அவருக்கு வயது 58. தையல் தொழில் செய்பவர். எடை 60 கிலோ. முழங்கால் வலிக்காக மூன்று வாரங்களாக மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் மாத்திரை வாங்கி, நாளொன்றுக்கு இரண்டு வீதம், சில நாட்களில் வெறும் வயிற்றிலும் விழுங்கியிருக்கிறார். இவ்வகை வலி மாத்திரைகள் இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சளிப்படலம் உருவாவதைக் குறைத்துவிடுகின்றன. காப்பு இழந்த சுவரை அமிலம் அரித்துப் புண்ணாக்குகிறது. புண் ஆழ்ந்து ஓர் இரத்தக்குழாயைத் தொடும்போது கசிவு தொடங்குகிறது. வயிற்றில் வலியே இல்லாமலும் இது நேரக்கூடும். இவருக்கும் வலி இருக்கவில்லை.

இரண்டு நாட்களாக மலம் கறுத்துப் போயிருந்தது. "உடம்புச் சூடு" என்று எண்ணி மோர் குடித்து வந்தார். இரும்புச்சத்து மாத்திரை உண்பவர்க்கும் மலம் கறுக்கும். ஆயினும் அது கெட்டியாகவே இருக்கும். இரத்தக்கசிவினால் வரும் மலம் தாரைப் போல் பளபளத்து ஒட்டும். கழிப்பறையில் நீர் ஊற்றினாலும் எளிதில் போகாது. அதன் நாற்றமும் வழக்கமானதன்று. அமிலமும் குடல்நீரும் பட்ட இரத்தமே இவ்வாறு கறுக்கிறது. வாந்தியில் வெளிப்பட்டால் ஊறிய காப்பித்தூளைப் போல் பழுப்பாகத் தோன்றும். மூன்றாம் நாள் மாலை கட்டிலிலிருந்து எழுந்தவர், கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். அதன் பின்னரே மருத்துவமனைக்கு அழைத்து வந்தனர்.

படுத்த நிலையில் அவரது நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 112. மேல் இரத்த அழுத்தம் 104. மெல்ல எழுப்பி உட்கார வைத்தபோது நாடி 134 ஆக உயர்ந்தது. அழுத்தம் 82 ஆகச் சரிந்தது. தலை சுற்றுவதாகச் சொன்னார். உடனே படுக்க வைத்தோம். இரத்த இழப்பை முதலில் அறிவிப்பது நாடியே. குறைந்த இரத்தத்தைக் கொண்டு உடல் முழுவதையும் காக்க இதயம் விரைந்து துடிக்கிறது. அம்முயற்சி தோற்கத் தொடங்கும்போதுதான் அழுத்தம் விழுகிறது. அழுத்தம் சரியாக இருக்கிறது என்பதை மட்டும் கொண்டு ஆறுதல் அடைவதற்கில்லை. மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகளை உண்பவர்க்கு நாடி அவ்வளவாக உயராது. ஆகவே, வழக்கமாக உண்ணும் மாத்திரைகளின் அட்டைகளையெல்லாம் உறவினர் தவறாது கொண்டுவந்து காட்ட வேண்டும்.

அன்றைய ஹீமோகுளோபின் 10.2. "பத்து இருக்கிறதே, பயமில்லை அல்லவா?" என்று மகன் கேட்டார். ஒரு பானைச் சாம்பாரில் பாதியைக் கொட்டிவிட்டாலும் மீதமுள்ளதன் உப்பு மாறுவதில்லை. நீர் ஊற்றிய பிறகே சப்பென்றாகும். இரத்தமும் அவ்வாறே. இழந்த அளவை ஈடுசெய்யத் திசுக்களின் நீரும் நரம்புவழி ஏற்றும் நீரும் குழாய்களுக்குள் சேர்ந்த பின்னரே உண்மையான அளவு தெரியும். மறுநாள் காலை அவரது ஹீமோகுளோபின் 6.8. அப்போது இரத்தம் ஏற்றப்பட்டது. 7-க்குக் கீழ் இறங்கும்போது இரத்தம் ஏற்றுவது பொது வழக்கம். இதயநோய் உள்ளவர்க்கு அதற்குச் சற்று முன்பே ஏற்றுவர்.

இரு கைகளிலும் பெரிய ஊசிகள் போடப்பட்டு, டிரிப்ஸும், அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் மருந்தும் தொடங்கப்பட்டன. மறுநாள் காலை 9 மணிக்கு எண்டோஸ்கோப்பி என முடிவாயிற்று. அதுவரை வாய்வழி ஒன்றும் கூடாது. இதற்குக் காரணங்கள் இரண்டு. இரைப்பையில் உணவு இருந்தால் குழாயின் முனையிலுள்ள கேமராவுக்குப் புண் புலப்படாது. மேலும், மயக்க மருந்தின் தாக்கத்திலோ இரத்தம் குறைந்து தெளிவு மங்கிய நிலையிலோ வாந்தி வந்தால், அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும்.

இரவு முழுதும் அவர் தண்ணீர் கேட்டார். விடியற்காலை 5 மணிக்கு, மனம் பொறாத மனைவி ஃபிளாஸ்கிலிருந்து அரை டம்ளர் பால்காப்பி கொடுத்துவிட்டார். சிறிது நேரத்தில் பழுப்பு நிற வாந்தி வந்தது. அது காப்பியா, பழைய இரத்தமா? பார்வையால் பிரித்தறிய இயலவில்லை. இரத்தமெனில் எண்டோஸ்கோப்பிக் குழுவை அப்போதே வரவழைக்க வேண்டும். செவிலியர் கேட்டபோது அம்மையார் முதலில் பேசவில்லை. பிறகு, "நான்தான் கொடுத்தேன், அம்மா" என்றார். நாடியும் அழுத்தமும் மாறாதிருந்தன. ஆகவே காத்திருக்கலாம் என்று மருத்துவர் கருதினார். எனினும் பால் கலந்த பானத்திற்கு ஆறு மணி நேரம் விட வேண்டியிருந்ததால் எண்டோஸ்கோப்பி 11 மணிக்குத் தள்ளிப்போயிற்று. அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை. மறைக்காமல் சொன்னதுதான் அந்நேரத்தில் எங்களுக்குப் பயன்பட்டது.

தண்ணீர் கொடுக்காமலே இத்தாகத்தைத் தணிக்க வழியுண்டு. உடலுக்குத் தேவையான நீர் டிரிப்ஸ் வழியாகச் சென்றுகொண்டுதான் இருக்கிறது. வறண்டிருப்பது வாய் மட்டுமே. பல்செட் இருந்தால் கழற்றிவிட வேண்டும். தலையை ஒருபுறமாகச் சாய்த்து, சுத்தமான துணியை நீரில் நனைத்து, சொட்டாத அளவுக்கு நன்றாகப் பிழிந்து, நாக்கையும் ஈறுகளையும் கன்னங்களின் உட்புறத்தையும் மெல்லத் துடைக்க வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை இவ்வாறு செய்து, உதடுகளில் வாஸலினைத் தடவலாம். தெளிவாக இருப்பவர் வாயைக் கொப்பளித்துத் துப்பலாம். விழுங்கிவிடுவார் என்ற ஐயமிருந்தால் அதுவும் வேண்டா. எலுமிச்சை தடவுவோர் உண்டு. அது வாயைப் பின்னும் வறளச் செய்யும். ஐஸ் துண்டும் தண்ணீரே என்பதை நினைவில் கொள்க. வீட்டு மாத்திரைகளையும் கேளாமல் கொடுக்கலாகாது. சர்க்கரை நோயாளி என்றால் இன்சுலினைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். உணவில்லாத நிலையில் வழக்கமான அளவு ஆபத்தாக முடியும். இம்முறைகளை அன்று காலையே அம்மையாருக்குக் கற்பித்தோம். அவரும் அவ்வாறே செய்தார். ஒவ்வொரு முறை துடைத்த பின்னும் கணவர் சற்று நேரம் அமைதியாக உறங்கினார்.

எண்டோஸ்கோப்பியில், முன்சிறுகுடலில் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள புண்ணும் அதன் நடுவே துருத்திய இரத்தக்குழாயும் தெரிந்தன. அட்ரினலின் மருந்தைச் செலுத்தி, குழாயைச் சிறு கிளிப்பினால் இறுக்கினார்கள். இத்தகைய புண் மீண்டும் கசிவதென்றால் பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள் கசியும். ஆகவே, மறுநாள் காலை வரை என்.பி.ஓ. அட்டை அகற்றப்படவில்லை.

அன்றிரவு 2 மணி. வழக்கம்போல் வாயைத் துடைத்துவிட்டபோதும் தாகம் அடங்கவில்லை. துடைத்த மறுகணமே "தண்ணீர், தண்ணீர்" என்றார். போர்வையைத் தள்ளினார், எழுந்து உட்கார முயன்றார். நெற்றியைத் தொட்ட அம்மையாருக்கு வியர்வை சில்லென்று இருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தும் அடிக்கடி கொட்டாவி விட்டார். அம்மையார் உடனே செவிலியரிடம் வந்து, "இது நேற்றைய தாகம் போல இல்லை, வந்து பாருங்கள்" என்றார்.

அவர் சொன்னது சரியே. வாய் வறட்சியால் வரும் தாகம் நாக்கை நனைத்தால் ஓரளவு அடங்கும். நோயாளி அமைதியாகவே இருப்பார். இரத்த இழப்பினால் வரும் தாகம் நனைத்தாலும் அடங்காது. அதனோடு பரபரப்பு, குளிர்ந்த வியர்வை, வெளிறிய உதடு, வேகமான மூச்சு ஆகியவற்றுள் சிலவேனும் சேர்ந்து வரும். நள்ளிரவில் 88 ஆக இருந்த நாடி அப்போது 120. சிறுநீர்ப் பையில் கடந்த இரண்டு மணி நேரத்தில் சேர்ந்தது 35 மில்லி மட்டுமே. அவர் எடைக்கு மணிக்கு 30 மில்லியேனும் இருந்திருக்க வேண்டும். மேல் அழுத்தம் 108, அதாவது இன்னும் விழவில்லை. சற்று நேரத்தில் கருஞ்சிவப்பாக மலம் வெளியேறியது. அதிகாலையிலேயே இரண்டாம் முறை எண்டோஸ்கோப்பி செய்து கசிவு நிறுத்தப்பட்டது. மேலும் இரண்டு பை இரத்தம் ஏற்றப்பட்டது.

இரத்தம் ஏறும்போது முதல் 15 நிமிடங்கள் செவிலியர் அருகிலேயே இருப்பார். அதன் பின்னும் குளிர் நடுக்கம், அரிப்பு, தடிப்பு, இடுப்பு வலி, மூச்சுத்திணறல் என்று நோயாளி சொன்னால் அக்கணமே அழைக்க வேண்டும். இந்நாட்களில் அவர் தனியே கழிப்பறைக்குச் செல்லவும் கூடாது. எழுந்து நின்றவுடன் மயங்கி விழுந்து தலையில் அடிபட்டோர் உண்டு. கட்டிலிலேயே பெட்பேன் வைப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மலத்தைச் செவிலியர் பார்க்கும் முன் கொட்டிவிடலாகாது. கசிவு நின்ற பின்னும், குடலில் தங்கிய பழைய இரத்தம் சில நாட்கள் கறுப்பாகவே வெளியேறும். அதனால் கறுப்பு மட்டும் கண்டு அஞ்ச வேண்டா. சிவப்புக் கலந்தாலோ, மலம் போகும் முறை கூடினாலோ, நாடி உயர்ந்தாலோ நிலைமை வேறு.

ஐந்தாம் நாள் அவர் கஞ்சி குடித்தார். எட்டாம் நாள் வீடு திரும்பினார். முழங்கால் வலிக்குப் பாராசிட்டமால் எழுதிக் கொடுக்கப்பட்டது. புண்ணுக்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் கிருமிக்கான சோதனையில் "இல்லை" என்று வந்திருந்தது. கசிவு உள்ளபோது இச்சோதனை கிருமியைக் காட்டத் தவறுவதுண்டு. ஆதலால் சில வாரங்கள் கழித்து மீண்டும் அதைச் செய்துகொள்ளத் தேதி குறித்துக் கொடுத்தோம். இதயத்திற்காக ஆஸ்பிரின் உண்பவர் எவரேனும் இதைப் படித்தால், தாமாக அதை நிறுத்திவிட வேண்டா. நிறுத்துவதா, எப்போது மீண்டும் தொடங்குவதா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். புறப்படும்போது அம்மையார் கேட்டது ஒன்றே: "காப்பி எப்போது கொடுக்கலாம்?" மறுபரிசோதனைக்கு வரும்போது மருத்துவரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினோம்.