ஒரு லோடு மக்காச்சோளமும் மூன்று ஷரத்துகளும்

கேள்வி: நாமக்கல் பக்கம் சிறிய கோழித் தீவன ஆலை நடத்துகிறேன். பெரம்பலூர் வியாபாரி ஒருவரிடம் குவிண்டால் 2,400 ரூபாய் என்று பேசி, 25 டன் மக்காச்சோளத்துக்கு ஆர்டர் கொடுத்தேன். கோழித் தீவனத்துக்குத்தான் வாங்குகிறேன் என்பது அவருக்குத் தெரியும். ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் போனால் ஒவ்வொரு சதவீதத்துக்கும் ஒரு சதவீதம் எடை கழிக்கப்படும். அஃப்ளாடாக்சின் 20 பிபிபி-க்கு மேல் இருந்தால் சரக்கு திருப்பி அனுப்பப்படும். சரக்கு நல்ல நிலையில் வந்து சேர வேண்டும். ஆர்டரில் இந்த மூன்றையும் எழுதியிருந்தேன். லோடு வந்தபோது ஈரப்பதம் 16 சதவீதம். தார்ப்பாய் கிழிந்திருந்த மூலையில் 30 மூட்டை நனைந்து பூஞ்சை பிடித்திருந்தது. அவற்றைத் தனியே வைத்துவிட்டு, நல்ல மூட்டைகளில் 20-ஐ அரைத்துவிட்டோம். அஃப்ளாடாக்சின் சோதனை முடிவு இன்னும் வரவில்லை. லோடு வந்த அன்று சந்தை விலை 2,150 ரூபாய். பணம் இன்னும் கொடுக்கவில்லை. மொத்த லோடையும் திருப்பி அனுப்ப எனக்கு உரிமை உண்டா?

பதில்: இப்போதைக்கு இல்லை. இன்றே திருப்பி அனுப்பினால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்றாகிவிடும். ஏன் என்பதை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஆர்டரில் உள்ள மூன்று ஷரத்துகளும் ஒரே எடையுள்ளவை அல்ல.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 12, விற்பனை ஒப்பந்தத்தின் ஷரத்துகளை இரண்டாகப் பிரிக்கிறது. ஒப்பந்தத்தின் முக்கிய நோக்கத்துக்கே ஆதாரமானது கண்டிஷன். அதை மீறினால் வாங்குபவர் ஒப்பந்தத்தையே முறித்து, சரக்கை மறுக்கலாம். நோக்கத்துக்குப் பக்கத் துணையாக நிற்பது வாரண்டி. அதை மீறினால் நஷ்டஈடு கேட்கலாம். சரக்கை மறுக்க முடியாது. எது எந்த வகை என்பதை ஒப்பந்தத்தை முழுதாகப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வாரண்டி என்று எழுதியிருந்தாலும் அது கண்டிஷனாக இருக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது.

ஈரப்பதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். வெறுமனே “14 சதவீதத்துக்கு மேல் கூடாது” என்று மட்டும் எழுதியிருந்தால் உங்கள் வாதம் வலுவாக இருந்திருக்கும். 1933-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கு உண்டு. சிமெண்ட் பீப்பாய் செய்ய அரை அங்குலத் தடிமனுள்ள மரப்பட்டைகள் வாங்கினார்கள். வந்தவற்றில் பெரும்பாலானவை மிகச் சிறிதளவே கூடுதல் தடிமன். பீப்பாய் செய்ய எந்தத் தடையும் இல்லை. சந்தை விலை சரிந்திருந்ததால் வாங்கியவர் மறுத்தார், மறுத்தது செல்லும் என்றது சபை. சரக்கின் விவரிப்பில் அளவைத் துல்லியமாக எழுதினால் அது கண்டிஷன் என்பது அதன் காரணம். ஆனால் நீங்கள் அளவு மீறினால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே எழுதிவிட்டீர்கள்: கழிவு. மீறலுக்கு விலை வைத்துவிட்ட ஷரத்து, சரக்கை மறுக்கும் உரிமையைத் தருவதற்காக எழுதப்பட்டது என்று ஒரு நீதிமன்றத்தை நம்பவைப்பது கடினம். இது வாரண்டி. கழிவுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

அஃப்ளாடாக்சின் ஷரத்து நேர் எதிர். மீறினால் சரக்கு திரும்பும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்ன தேவைக்கு வாங்குகிறேன் என்று சொல்லி, அந்த வியாபாரத்தையே செய்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்கு ஏற்றதாகச் சரக்கு இருக்க வேண்டும் என்பதைப் பிரிவு 16-உம் மறைமுகக் கண்டிஷனாக வைக்கிறது. எனவே இது சந்தேகமில்லாத கண்டிஷன்.

சிக்கல் “நல்ல நிலையில்” என்ற மூன்றாவதில்தான். இரண்டு மூட்டை ஈரமானாலும் அது மீறல், லோடு முழுக்க அழுகினாலும் அது மீறல். இப்படிப்பட்ட ஷரத்தை முன்கூட்டியே கண்டிஷன் என்றோ வாரண்டி என்றோ அடைத்துவிட முடியாது. 1962-இல் வெளியான ஹாங்காங் ஃபிர் கப்பல் வழக்கின் தீர்ப்பிலிருந்து ஆங்கிலச் சட்டம் இதை இரண்டிலும் சேராத நடுவகையாகப் பார்க்கிறது. ஷரத்தின் பெயரை விட்டுவிட்டு, மீறலால் என்ன விளைந்தது என்று கேட்கிறது: ஒப்பந்தத்தால் வர வேண்டிய பலன் ஏறக்குறைய முழுதும் கைநழுவிப் போனதா? போயிருந்தால் ஒப்பந்தத்தை முறிக்கலாம். இல்லையென்றால் நஷ்டஈடு மட்டும்.

உங்கள் நிலைக்கு மிக நெருங்கிய வழக்கு ‘ஹான்சா நார்ட்’ என்ற கப்பலின் பெயரால் அறியப்படுவது. 1975-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. டச்சு நிறுவனம் ஒன்று மாட்டுத் தீவனத்துக்காக உலர்ந்த ஆரஞ்சுச் சக்கைக் குச்சிகளைச் சுமார் ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. நல்ல நிலையில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்பது ஷரத்து. ராட்டர்டாம் வந்தபோது ஒரு பகுதி கெட்டிருந்தது. விலையும் விழுந்திருந்தது. நிறுவனம் எல்லாவற்றையும் மறுத்தது. நீதிமன்ற உத்தரவில் சரக்கு மூன்றில் ஒரு பங்கு விலைக்கு விற்கப்பட்டு, இடைத்தரகர் வழியாக அதே நிறுவனத்துக்கே போய்ச் சேர்ந்து, மாட்டுத் தீவனமாகவே பயன்பட்டது. எடுத்த காரியத்துக்குச் சரக்கு உதவியிருக்கிறது. ஆகவே மறுத்தது தவறு, கெட்ட பகுதிக்கு நஷ்டஈடு மட்டுமே என்றது நீதிமன்றம். நம் சட்டத்தைப் போலவே அப்போதைய ஆங்கிலச் சட்டமும் கண்டிஷன், வாரண்டி என்று இரண்டைத்தான் பெயரிட்டது. அந்த இரண்டோடு எல்லா ஷரத்தும் முடிந்துவிடுவதில்லை என்று நீதிபதிகள் கண்டார்கள். இந்தத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் மதித்துப் பார்க்கப்படுபவை.

உங்களுடைய 500 மூட்டைகளில் 30 போக மீதியை அரைக்க முடிகிறது. இதை வைத்து ஒப்பந்தத்தை முறிக்க முடியாது.

தப்பாக மறுத்தால் என்ன ஆகும்? பிரிவு 56-இன்படி வியாபாரி உங்கள்மீது நஷ்டஈடு வழக்குப் போடலாம். குவிண்டாலுக்கு 250 ரூபாய் வித்தியாசம், 250 குவிண்டால்: 62,500 ரூபாய். விலை இறக்கத்திலிருந்து தப்பப் பார்த்த தொகை அப்படியே உங்கள் தலையில் வந்து விழும்.

மாறாக, வைத்துக்கொண்டால் பிரிவு 59-இன்படி பில் தொகையிலேயே கழித்துக் கொடுக்கலாம். தனியாக வழக்குப் போட வேண்டியதில்லை. நனைந்த 30 மூட்டை 15 குவிண்டால். அவை எதற்கும் உதவாது என்றால், வந்த அன்றைய மதிப்பில் 32,250 ரூபாய். 2,400 கணக்கில் கேட்காதீர்கள். சந்தை விழுந்தது வியாபாரியின் தவறு இல்லை. மீதி 235 குவிண்டாலுக்கு இரண்டு சதவீத எடைக் கழிவு 4.7 குவிண்டால், அது ஒப்பந்த விலையில் 11,280 ரூபாய். ஆக மொத்தம் 43,530 ரூபாய்.

இனி நீங்கள் அரைத்த 20 மூட்டைக்கு வருகிறேன். என்னை உண்மையில் கவலைப்படுத்துவது அதுதான். ஒரு லோடு பிரிக்க முடியாத ஒரே ஒப்பந்தம். அதில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டாலும், கண்டிஷன் மீறலையும் வாரண்டி மீறலாகத்தான் கருத முடியும் என்கிறது பிரிவு 13(2). சரக்கை அரைப்பது பிரிவு 42-இன்படி ஏற்பாகவே கொள்ளப்படும். ஒப்பந்தத்திலேயே வேறு ஏற்பாடு இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. உங்கள் அஃப்ளாடாக்சின் ஷரத்தை அப்படிப்பட்ட ஏற்பாடு என்று வாதாடலாம்; ஆனால் மேலும் அரைக்க அரைக்க அந்த வாதம் மெலியும். ஆகவே அரைப்பதை இன்றே நிறுத்துங்கள். அரைத்ததைக் கோழிக்குப் போடாமல் ஒதுக்கி வையுங்கள். சந்தேகம் தெரிந்தும் போட்டு, கோழி செத்தால் அந்த நஷ்டத்தை வியாபாரியிடம் வாங்குவது மிகக் கடினம்.

வியாபாரியின் ஆளை வைத்துக்கொண்டு பல மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்து, இருவர் கையெழுத்தோடு சீல் வையுங்கள். ஈரப்பதம், நனைந்த மூட்டைகளின் எண்ணிக்கை, சோதனை முடிவு வரும்வரை சரக்கை ஏற்கவில்லை என்பது, இந்த மூன்றையும் எழுத்தில் அனுப்புங்கள். முடிவு 20-க்குள் இருந்தால் மேலே சொன்ன தொகையைக் கழித்துப் பணம் கொடுங்கள். தாண்டினால் அன்றே மறுப்பைத் தெரிவித்துவிடுங்கள். லாரி பிடித்து நீங்கள் கொண்டுபோய் இறக்க வேண்டியதில்லை. வேறு பேச்சு இல்லாதவரை, ஏற்க மறுக்கிறேன் என்று தெரிவித்தாலே போதும் என்கிறது பிரிவு 43.