வாடிக்கையாளரின் சிக்கலிலிருந்து தொடங்கும் விற்பனை விளக்கம்

கொச்சி மட்டாஞ்சேரியின் மிளகு வணிகர்களுக்குப் பெருமைப்படத்தக்க வரலாறு உண்டு. இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகர் சங்கம் 1957ஆம் ஆண்டு முதல் இங்குதான் இயங்கி வருகிறது. பாட்டனார் காலத்துக் கிடங்கில் இன்றும் தொழில் நடத்தும் குடும்பங்கள் பல. ஆகவே, புதிய வாடிக்கையாளரிடம் காட்டும் விளக்கத்தின் முதற்பக்கத்தில் அந்த வரலாறே இடம்பெறுவது இயல்பு. ஆனால் விற்பனை தளர்வதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கோயம்புத்தூரில் மசாலாத் தூள் தயாரிக்கும் ஆலை ஒன்று மாதம் 5 டன் மிளகு வாங்குகிறது. மட்டாஞ்சேரி வணிகர் ஒருவர் கிலோ 610 ரூபாய்க்குத் தர எண்ணுகிறார். ஆலைக்கு இப்போது தருபவரின் விலை 600 ரூபாய். வணிகர் தம் நிறுவனத்தின் தோற்றம், கிடங்கு, சான்றிதழ்கள் என நான்கு பக்கங்களைக் காட்டி முடிப்பதற்குள் கொள்முதல் அதிகாரி, “கிலோ என்ன விலை?” என்று கேட்டுவிடுவார். அதன்பின் பேச்சு பத்து ரூபாயைச் சுற்றியே நடக்கும்.

இதைத் தவிர்க்க, விளக்கத்தைத் தயாரிக்கும் முன்பே ஆலையைக் கேட்டறிய வேண்டும். நீல் ராக்ஹாம் 1988இல் வெளியிட்ட விற்பனை நூலில் வினாக்களை நான்கு படிகளாக வகுத்தார்: இன்றைய நிலை என்ன, அதில் தொல்லை எது, அத்தொல்லையால் விளையும் இழப்பு எவ்வளவு, அது தீர்ந்தால் கிடைக்கும் பயன் யாது. முதற்படி வினாக்கள் மிகுந்தால் கேட்கப்படுபவர் சலிப்படைவார். மாத அளவு, அரவை முறை போன்ற இரண்டு மூன்று செய்திகளுடன் அதை முடித்துக்கொள்வது நல்லது.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். கொள்முதல் அதிகாரி, “தொல்லை ஒன்றுமில்லை, விலைதான்” என்பார். அவருடைய பொறுப்பு விலை. அரவைப் பிரிவு மேற்பார்வையாளரோ வேறு செய்தி சொல்வார்: “மழை மாதங்களில் தூள் சல்லடையில் ஒட்டிக்கொள்கிறது; இயந்திரத்தை நிறுத்தித் துடைக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை ஈரப்பதம் 14 சதவீதம் இருந்தது.” ஒப்புக்கொண்ட அளவு 11 சதவீதம். விளக்கத்தின் தொடக்கம் இங்கே கிடைத்துவிட்டது.

இனி இழப்பைக் கணக்கிடலாம். 11 சதவீத ஈரமுள்ள 1,000 கிலோ மிளகில் நீர் நீங்கலாக 890 கிலோ சரக்கு இருக்கும். 14 சதவீதமானால் 860 கிலோதான். அதே 890 கிலோவைப் பெற ஏறத்தாழ 35 கிலோ கூடுதலாக வாங்க வேண்டும். அதன் விலை 21,000 ரூபாய். விலைக் குறைவால் மிஞ்சுவது 10,000 ரூபாயே. எனவே மலிவான மிளகு டன்னுக்கு 11,000 ரூபாய் அதிகச் செலவு வைக்கிறது. இயந்திரம் நின்ற நேரத்தின் இழப்பு தனி; அந்தத் தொகையை ஆலையிடமே கேட்டுச் சேர்க்க வேண்டும். நாமாக ஊகித்த எண்ணை எதிரில் இருப்பவர் ஏற்கமாட்டார்.

இப்போது விளக்கத்திற்கு ஐந்து பக்கங்கள் போதும். முதற்பக்கத்தில் ஆலையினர் சொன்ன தொல்லை, அவர்களுடைய சொற்களிலேயே. “இது சரிதானா? இடையில் ஏதேனும் மாறியுள்ளதா?” என்று கேட்டு நிறுத்துங்கள். அவர்கள் திருத்தினால் நன்று. எவரும் பேசாமல் இருந்தால் தவறான தொல்லையைப் பிடித்திருக்கிறோம் என்று ஐயுற வேண்டும். இரண்டாம் பக்கத்தில் மேற்கண்ட கணக்கு. மூன்றாம் பக்கத்தில் தீர்வு: உட்புறம் பாலித்தீன் உறையிட்ட சாக்கு, ஏற்றும்போது அளந்த ஈரப்பதம், முத்திரையிட்ட மாதிரி. நான்காம் பக்கத்தில்தான் நிறுவனத்தின் வரலாறு. “இவர்களால் இது முடியுமா?” என்ற வினா அப்போதுதான் எழுந்திருக்கும், பாட்டனார் காலத்து அனுபவம் அதற்கு விடையாகும். ஐந்தாம் பக்கத்தில் அடுத்த படி: மழைக்காலத்தில் அரை டன் சோதனைச் சரக்கு.

இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. ஜூன் முதல் கொச்சியின் காற்றிலேயே ஈரம் மிகுதி. வணிகரின் கிடங்கிலிருக்கும் மிளகும் அதை உறிஞ்சும். தம் சரக்கைச் சில வாரங்கள் அளந்து பாராமல் 11 சதவீதம் என்று வாக்களிக்கக் கூடாது. இரு இடத்து அளவுமானிகளும் வேறுபட்ட எண்ணைக் காட்டக்கூடும் என்பதால், கருத்து வேறுபாடு எழுந்தால் எந்த ஆய்வகத்தின் முடிவை ஏற்பது என்பதையும் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். தொல்லை நம்மால் தீராதது எனில் அதைச் சொல்லிவிடுவதே முறை.

தயாரித்த விளக்கத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. ஆலையின் பெயரை மட்டும் மாற்றி, அதை வேறோர் ஆலைக்குக் காட்டமுடியுமா என்று பாருங்கள். முடியுமானால், கேட்டறியும் பணி இன்னும் முடியவில்லை.