“டிசைன் சரியில்லை” என்று எழுதினால் போதுமா?

கேள்வி: பேகம்பேட்டில் சிறிய விளம்பர நிறுவனம் நடத்துகிறேன். இரண்டு ஆண்டுகளாக எங்களிடம் இருக்கும் கிராஃபிக் டிசைனருக்கு இந்த அப்ரைசலில் ஐந்துக்கு இரண்டு போட்டு, ‘தரம் போதவில்லை’ என்று எழுதி இன்கிரிமென்டை நிறுத்தினேன். எந்த வேலையில் என்ன குறை என்று எழுத்தில் கேட்கிறார். வேலையை விட்டு அனுப்பினால் வழக்குப் போடுவாராம். ரசனை சார்ந்த வேலைக்கு எப்படிக் காரணம் காட்டுவது?
– வாசகர், ஹைதராபாத்

பதில்: ஒரு டிசைன் அழகா இல்லையா என்று எந்த அதிகாரியும் நீதிமன்றமும் உங்களுக்காகத் தீர்மானிக்கப் போவதில்லை. அவர்கள் பார்ப்பது வேறு. எதை வைத்து மார்க் போடுவீர்கள் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியுமா? எல்லோருக்கும் அதே அளவுகோல்தானா? குறையைச் சொல்லி, பதில் தர அவகாசம் கொடுத்தீர்களா? ‘தரம் போதவில்லை’ என்ற இரண்டு சொற்களில் இவை எதற்கும் விடை இல்லை.

தேவ் தத் வழக்கைப் பாருங்கள். எல்லைச் சாலை அமைப்பில் இன்ஜினியராக இருந்த அவருக்கு 1993-94க்கான ரகசிய அறிக்கையில் ‘நன்று’ என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வுக்கோ ‘மிக நன்று’ வேண்டும். அந்தப் பதிவை அவருக்குத் தெரிவிக்காதது தவறு, எந்த மதிப்பீடானாலும் ஊழியருக்குச் சொல்லியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே மத்திய அரசு, அறிக்கையை ஊழியரிடம் காட்டி மறுப்புத் தெரிவிக்க 15 நாள் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. இந்தத் தீர்ப்பு அரசு ஊழியர்களுக்கானது. உங்கள் நிறுவனத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நியாயமான மதிப்பீட்டுக்கு இதைவிட நல்ல மாதிரி தேட வேண்டியதில்லை.

இனி அளவுகோல். நூறு மார்க்கை நான்காகப் பிரியுங்கள்: பிரீஃபில் கேட்டது வந்திருக்கிறதா என்பதற்கு 30, எழுத்துப்பிழை, சைஸ், லோகோ போன்றவற்றில் பிழையின்மைக்கு 25, கெடுவுக்கு 15, ரசனைக்கு 30. முதல் மூன்றையும் ஃபைலைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மார்க் போட்டு, இந்த விகிதத்தில் சேருங்கள். ரசனைக்கு மட்டும் இரண்டு பேர் தனித்தனியே மார்க் போடட்டும். மதிப்பிட எட்டு வேலைகளை எடுங்கள். நான்கை நீங்கள் தேர்ந்தெடுங்கள், நான்கை அவர். இருவர் போட்ட மார்க்கும் ஒன்றுக்கு மேல் விலகினால், அந்த டிசைனை முன்னால் வைத்துப் பேசி, முடிவுக்கான காரணத்தை ஒரு வரியில் எழுதி வையுங்கள். கன்டென்ட் ரைட்டருக்கும் இதே முறைதான். சைஸுக்குப் பதில் தகவல் பிழை என்று போட்டுக்கொள்ளலாம்.

பலர் சறுக்குவது கரெக்‌ஷன் கணக்கில். ஓர் உதாரணம்: எட்டு வேலைகளுக்கு 26 முறை திருத்தம் வந்திருக்கிறது. மெயில்களைப் பிரித்துப் பார்த்தால் 15 முறை கிளையன்ட் மனம் மாறியிருக்கிறார். 7 முறை எழுத்துப்பிழை அல்லது தவறான சைஸ். பிரீஃபைப் புரிந்துகொள்ளாதது 4 முறைதான். முதல் பதினைந்தை டிசைனர் தலையில் கட்ட முடியாது. ஆகவே ஐந்துக்கு பிரீஃபில் 4, பிழையின்மையில் 2, கெடுவில் 4, ரசனையில் 3 என்று போட்டால், மேலே சொன்ன விகிதப்படி 3.2 வருகிறது. ‘தரம் போதவில்லை’ என்பது இப்போது ‘அனுப்பும் முன் சரிபார்ப்பதில்லை’ என்று துல்லியமாகிவிட்டது. இதை அவர் திருத்திக்கொள்ள முடியும். நீங்களும் நிரூபிக்க முடியும்.

இன்கிரிமென்ட் உங்கள் விருப்பத்துக்கு உட்பட்டது என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருந்தால், பொதுவாக அதை உரிமையாகக் கோர முடியாது. மார்க்குக்கு ஏற்ப இவ்வளவு என்று பாலிசியில் எழுதியிருந்தால், அதற்கு நீங்கள் கட்டுப்பட்டவர்.

வேலையிலிருந்து நீக்குவது வேறு விஷயம். தெலங்கானாவில் நடப்பிலிருக்கும் 1988ஆம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும். 48ஆம் பிரிவில் அவர் மேல்முறையீடு செய்யலாம். ஐ.டி. நிறுவனங்களுக்கு இந்தச் சட்டத்தின் சில பிரிவுகளிலிருந்து அரசு விலக்கு அளிப்பதுண்டு. உங்கள் பதிவுச் சான்றிதழ் எந்த வகையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: குறை கண்ட வேலைகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டுக் கடிதம் கொடுத்து, பதிலுக்கு 15 நாள் தாருங்கள். பதில் வந்ததும் மார்க்கை மறுபரிசீலனை செய்யுங்கள். புதிய அளவுகோலை வரும் ஆண்டு முதல் எல்லா டிசைனர்களுக்கும் கொண்டுவாருங்கள். முடிந்த ஆண்டுக்குப் பின்தேதியிட்டுப் பொருத்தாதீர்கள். கடிதம் எழுதும் முன் கிளையன்ட் மெயில்களை ஒருமுறை படித்துவிடுங்கள். நீங்கள் ‘மோசம்’ என்று குறித்த டிசைனுக்கு, திருத்தமே இல்லாமல் கிளையன்ட் ஒப்புதல் தந்த மெயில் இருந்தால், அதை அவர் கட்டாயம் எடுத்துக் காட்டுவார். அந்த வேலையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.