ஒத்திகைச் சூழலும் ஆதார் எண்களும்

பொது விநியோகப் பணிக்குரிய கணிப்பொறி நிரலில் மாற்றம் செய்யும்போது, முதலில் அதனை ஓர் ஒத்திகைச் சூழலில் ஓட்டிப் பார்ப்பது முறையாகும். நிரலின் பதிப்பு, தரவுத்தளத்தின் அமைப்பு, பதிவுகளின் எண்ணிக்கை ஆகியவற்றில் அச்சூழல் நடப்புச் சூழலை ஒத்திருத்தல் வேண்டும். இல்லையேல் ஒத்திகையில் தேறிய நிரல் நடப்பில் தவறக்கூடும். இதற்காக உண்மைப் பதிவுகளையே படியெடுப்பது எளிது; ஆயினும் ஒத்திகைச் சூழலில் பலர் புழங்குவர், காவலும் குறைவு. பெயர்களை மட்டும் மாற்றிவிடுவது போதாது. சிற்றூர் ஒன்றில் பதினான்கு உறுப்பினர் கொண்ட குடும்பம் ஒன்றே இருக்குமாயின், பெயரின்றியும் அதனை அடையாளம் காணலாம்.

ஆகவே பதிவுகளைப் புதிதாகப் புனைய வேண்டியுள்ளது. இதிலும் ஓர் இடர் உண்டு. திருப்பதி மாவட்டத்துச் சந்திரகிரி மண்டலத்திற்கென 10,000 குடும்ப அட்டைகளைப் புனைந்து, ஒவ்வொன்றின் தலைவருக்கும் ஓர் ஆதார் எண் அளிப்பதாகக் கொள்வோம். ஆதார் எண் 12 இலக்கங்களைக் கொண்டது. முதல் இலக்கம் 0 அல்லது 1 ஆக இராது. இறுதி இலக்கம் வெர்ஹோஃப் முறைப்படி ஏனைய இலக்கங்களிலிருந்து பெறப்படும் சரிபார்ப்பு இலக்கமாகும். எனவே விதிக்குட்பட்ட எண்கள் மொத்தம் 8,000 கோடி. இவற்றுள் 140 கோடிக்கும் மேற்பட்டவை வழங்கப்பட்டுவிட்டன. அதாவது, விதிப்படி புனையும் எண்களில் ஏறத்தாழ 57-க்கு ஒன்று எவரோ ஒருவருடையதாக இருக்கும். 10,000 அட்டைகளில் இத்தகையவை சுமார் 175. ஒத்திகை நிரல் தவறுதலாக உண்மைச் சேவையகத்தை அணுகினால், ஒருமுறைக் கடவுச்சொல் ஏதுமறியாத ஒருவரின் கைப்பேசிக்குச் சென்று சேரும்.

ஆதார் ஆணையம் சோதனைக்கெனத் தனிச் சேவையகத்தையும் சில சோதனை எண்களையும் வழங்குகிறது. அடையாளச் சரிபார்ப்பு நிரலைச் சோதிக்க அவை போதுமானவை. பதிவுகளின் பெருக்கத்தைச் சோதிக்கப் போதா. அதற்கு 0-வில் தொடங்கி, சரியான சரிபார்ப்பு இலக்கத்துடன் முடியும் எண்களைப் புனையலாம். அவை எக்குடிமகனுக்கும் உரியவையல்ல; இறுதி இலக்கத்தைச் சோதிக்கும் நிரற்பகுதியும் மாற்றமின்றி இயங்கும். முதல் இலக்க விதியை மட்டும் அமைப்புக் கோப்பில் தளர்த்த வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை எழுதி வைத்து, நடப்புச் சூழலில் அத்தளர்வு இல்லை என்பதை ஒவ்வொரு வெளியீட்டின்போதும் சரிபார்த்தல் வேண்டும். இந்த எண்களுக்கான கோரிக்கைகள் வெளியே செல்லாது, உள்ளேயே அமைந்த மாதிரிச் சேவையிடமிருந்து விடை பெற வேண்டும்.

குடும்ப அளவு, தெலுங்கு, தமிழ், உருதுப் பெயர்களின் விகிதம், விடுபட்ட புலங்கள் ஆகியவற்றை நடப்புச் சூழலிலிருந்து கூட்டு எண்ணிக்கைகளாகவே எடுத்தல் தகும். பத்துக்கும் குறைவான எண்ணிக்கையுள்ள பிரிவுகளை அடுத்த பிரிவுடன் சேர்த்துவிட வேண்டும். இதனால் மிகப் பெரிய குடும்பங்கள் ஒத்திகையில் இடம்பெறாமற் போகலாம். அவற்றைச் சோதனையாளர் தாமே புனைந்து சேர்ப்பதே வழி. ஒரே வினவலை இரு சூழல்களிலும் ஓட்டி, எடுத்துக்கொள்ளும் நேரத்தை ஒப்பிட்டால், ஒத்திகை எவ்வளவு நம்பத்தக்கது என்பது புலனாகும்.