நாளொன்றுக்கு எத்தனை ரூபா?

கல்முனைப் பக்கத்துக் கடைகளில் ரீலோட் போட வருபவர்கள் பெரும்பாலும் "எது மலிவு?" என்றுதான் கேட்கிறார்கள். கடைக்காரரும் சுவரில் ஒட்டிய பட்டியலில் ஒன்றைக் காட்டிவிடுவார். பிழை கடைக்காரருடையதல்ல. கேள்வியில்தான் ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது. "எங்கள் வீட்டுப் பாவனைக்கு எது மலிவு?" என்று கேட்க வேண்டும். அதற்கான கணக்கை இங்கே செய்து பார்ப்போம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இடம்பெயர்ந்து, இப்போது வீட்டுத்திட்டத்தில் இருப்பவர்கள். காணி தொலைவில் இருக்கிறது. தகப்பன் கட்டாரில் வேலை செய்கிறார். இரவில் வாட்ஸ்அப்பில் பேசுவார். மகளுக்கு ஆசிரியர் பாடக் குறிப்புகளை அதிலேயே அனுப்புகிறார். வட்டவிதானையிடமிருந்து தண்ணீர் முறை பற்றிய செய்தியும் அதில்தான் வரும். எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 140 எம்பி செலவாகிறது என்று வைப்போம்.

கடையில் இரண்டு பக்கேஜ்கள் இருக்கின்றன. கீழே வரும் விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் கடைப் பட்டியலில் உள்ளதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். முதலாவது 140 ரூபா: 7 நாட்கள், எந்நேரமும் பாவிக்க 1 ஜிபி. இரண்டாவது 480 ரூபா: 30 நாட்கள், 6 ஜிபி. விலையை நாட்களால் பிரித்தால் முதலாவது நாளொன்றுக்கு 20 ரூபா, இரண்டாவது 16 ரூபா. இரண்டாவதே மலிவு என்று தோன்றும்.

ஆனால் அந்த 6 ஜிபியின் கீழே சிறிய எழுத்தில் என்ன இருக்கிறது என்று வாசியுங்கள். பாதி, அதாவது 3 ஜிபி, இரவு டேட்டா. அது நள்ளிரவிலிருந்து காலை வரைதான் வேலை செய்யும். முடியும் மணி கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். தகப்பன் பேசுவது இரவு ஒன்பது மணிக்கு. பாடம் வருவது பகலில். ஆகவே இந்தக் குடும்பத்துக்கு அந்தப் பக்கேஜ் 3 ஜிபி மட்டுமே. ஒரு ஜிபியை 1000 எம்பி என்று கொண்டு 3000ஐ 140ஆல் பிரித்தால் 21 நாட்கள். முப்பது நாள் பக்கேஜ் இருபத்தோராம் நாளே முடிந்துவிடும். 480ஐ 21ஆல் பிரித்தால் ஏறத்தாழ 23 ரூபா. மலிவாகத் தோன்றியதே விலை கூடியதாகிவிட்டது. முதலாவதில் 1000 எம்பி ஏழு நாட்களுக்குச் சரியாகப் போதும். அது 20 ரூபாவாகவே நிற்கிறது.

ஆகவே இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, பக்கேஜின் செல்லுபடிக் காலம். மற்றையது, உங்கள் பாவனைக்கு டேட்டா எத்தனை நாள் வரும் என்பது. இவற்றில் சிறியதால் விலையைப் பிரியுங்கள். இதே வீட்டில் பாவனை 80 எம்பியாக இருந்திருந்தால் 3 ஜிபி முப்பது நாளும் தாண்டும். அப்போது 16 ரூபாப் பக்கேஜே சரி. சுபஹுக்கு எழும்பி, அந்நேரத்திலேயே பாட வீடியோக்களைப் பதிவிறக்கி வைக்கும் வீட்டுக்கும் இரவு டேட்டா வீண்போகாது.

நாளாந்தப் பாவனையை எப்படி அறிவது? வாட்ஸ்அப்பில் Settings, Storage and data, Network usage என்ற வழியே போனால் அது எவ்வளவு எடுத்தது என்று காட்டும். அதை இன்று அழித்து, ஏழாம் நாள் பார்த்து, ஏழால் பிரியுங்கள். யூடியூப், பேஸ்புக் பாவிப்பவர்கள் தொலைபேசியின் மொத்த டேட்டாக் கணக்கைப் பார்க்க வேண்டும். முகம் பார்த்துப் பேசினால் குரலில் மட்டும் பேசுவதைவிடப் பல மடங்கு டேட்டா போகும். பெருநாள் வாரத்தை அளந்தால் கணக்குப் பிழைக்கும்.

அறுவடைக் காலத்தில் கணக்கு மாறும். வயல் வாடியில் நான்கு நாள் தங்கி, அங்கே சிக்னல் இல்லாவிட்டால், செல்லுபடி நாட்கள் நமக்காக நிற்பதில்லை. ஏழு நாள் பக்கேஜில் மூன்று நாளே பாவித்தால் நாளொன்றுக்கு 47 ரூபாவாகிறது. அவ்வாறான வாரங்களில், தேவையான அன்று மட்டும் 35 ரூபாவுக்கு ஒரு நாள் கார்ட் போட்டால் மூன்று நாளுக்கு 105 ரூபா. பார்வைக்கு விலை கூடியது, கைக்கு இலாபம்.

பக்கேஜ் முடிந்த பின் டேட்டாவைத் திறந்தே வைத்திருந்தால், மீதியிருக்கும் ரீலோட் காசிலிருந்து சாதாரணக் கட்டணத்தில் கழியக்கூடும். காலையில் இருந்த நூறு ரூபா மாலையில் காணவில்லை, யாருக்கும் பேசவும் இல்லை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகியுங்கள். முடியும் நாளைக் கலண்டரில் குறித்து, அன்றிரவே டேட்டாவை நிறுத்திவிடுங்கள். சிம்மின் செல்லுபடி வேறு, பக்கேஜின் செல்லுபடி வேறு என்பதும் நினைவிருக்கட்டும்.

பழைய விலைகளை நம்ப வேண்டாம். 2022 செப்டெம்பரில் கட்டணங்கள் 20 சதவீதம் உயர்ந்தன. எயார்டெல் 2024இல் டயலொக்குடன் இணைந்தது. கடைச் சுவரில் இன்னும் தொங்கும் மங்கிய பட்டியலில் எந்த வருடம் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் காசை நீட்டுங்கள்.